ஹம்மை எடுக்கப் போய் குரலை எடுத்துவிடாதீர்கள்

போன எபிசோடில் வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி எடுப்பது பற்றிக் கதைத்திருந்தோம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்த வார மடல் முழுக்க அதுதான்.

லண்டனில் படிக்கிற ஒரு தங்கச்சி 41 நிமிட ஃபைல் ஒன்று அனுப்பியிருந்தா. அவவின்ர அம்மப்பா யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். வால்வு ரேடியோ காலத்தில் இருந்து டிரான்சிஸ்டர் வரைக்கும் எல்லாம் கதைக்கிறார், அருமையான பேட்டி. எடுத்த இடம் குசினி மேசை. ஒரு மைக், ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், சார்ஜர் செருகின லாப்டாப். பின்னால் ஃபிரிட்ஜ், அடுப்புக்கு மேலே எக்ஸ்ட்ராக்டர் ஃபேன்.

"அண்ணா, நொய்ஸ் ரிடக்‌ஷன் போட்டனான். இரைச்சல் போயிட்டுது, ஆனா அம்மப்பா தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு. குறைச்சுப் போட்டா அந்த 'ம்ம்ம்' திரும்ப வருது. திரும்ப எடுக்கவும் ஏலாது." பேட்டி எடுத்து இரண்டு மாதத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டது. இப்போது ஒன்றிரண்டு சொல்தான் வருகிறதாம்.

அந்த ஃபைலில் இருப்பது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. இரண்டும் வேறு வேறு சாதி. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்ததால்தான் குரல் கெட்டது.

முதலாவது ஹம். கரண்ட் லண்டனில் ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. லாப்டாப் சார்ஜர், இன்டர்ஃபேஸ், வயர் என்று எங்கோ ஒரு வழியில் அந்தத் துடிப்பு மைக் சிக்னலுக்குள் வந்துவிட்டால் 50 ஹேர்ட்ஸில் ஒரு சுரம் கேட்கும். கூடவே அதன் மடங்குகளும் வரும்: 100, 150, 200, 250 என்று. இவற்றைத்தான் ஹார்மோனிக் என்கிறோம். இலங்கை, இந்தியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எல்லாம் 50. கனடாவும் அமெரிக்காவும் 60, ஆகவே அங்கே 120, 180, 240 என்று போகும். டொரொன்டோவில் இருக்கிற மாமாவை நீங்கள் லண்டனில் இருந்து ஆளுக்கொரு மைக்கில் பேட்டி எடுத்தால் இரண்டு ட்ராக்கிலும் ஹம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றுக்குப் போட்ட செட்டிங்கை மற்றதற்கு கொப்பி பண்ணினால் ஒன்றும் நடக்காது.

இரண்டாவது அந்த ஃபேனின் "ஷ்ஷ்ஷ்". அது எந்த ஒரு சுரத்திலும் இல்லை. கீழிருந்து மேல்வரை எல்லா இடத்திலும் மெல்லிசாகப் பரவிக் கிடக்கிறது, தூசி மாதிரி. ஹம் என்பது சட்டையில் குத்தின ஊசி. ஊசியை இரண்டு விரலால் பிடித்து இழுக்கலாம். தூசியை அப்படி எடுக்க ஏலாது, தட்டத்தான் வேண்டும்.

சரி, நொய்ஸ் ரிடக்‌ஷன் எஃபெக்டை நேரே போட்டால் என்ன நடக்கிறது? ஓடாசிட்டியில் இருக்கிறது போன்ற சாதாரண நொய்ஸ் ரிடக்‌ஷன், ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதிர்வெண் வாரியாகப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும். 48,000 சாம்பிள் ரேட்டில் 2048 சாம்பிள் துண்டு என்றால் ஒரு பெட்டியின் அகலம் ஏறத்தாழ 23 ஹேர்ட்ஸ். அதோடு ஒரு சுத்தமான சுரம் ஒரே பெட்டிக்குள் அடங்காது, பக்கத்துப் பெட்டிகளுக்கும் கசியும். ஆகவே 100 ஹேர்ட்ஸில் மயிரளவு மெல்லிய ஹம் கோட்டை எடுக்கச் சொன்னால் அது சுற்றியிருக்கிற 70, 80 ஹேர்ட்ஸ் அகலத்தையும் சேர்த்து அமுக்கும். ஒரு ஆணின் குரலின் அடிச்சுரம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் 85இல் இருந்து 155 ஹேர்ட்ஸுக்குள். அந்த அம்மப்பாவின் குரல் 110 பக்கத்தில். அவருடைய குரலின் நெஞ்சுப்பகுதி முழுக்க அந்த அமுக்கத்துக்குள் அகப்பட்டுவிட்டது. குரல் மெலிந்து தகரம் மாதிரி ஆனதற்குக் காரணம் இதுதான்.

தண்ணிக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்பதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு பெட்டியிலும் "இது இரைச்சலா, குரலா?" என்று எஃபெக்ட் தனித்தனியாக முடிவெடுக்கிறது. ஃபேன் சத்தம் சராசரியில் சீராக இருந்தாலும் உள்ளுக்குள் ஒவ்வொரு கணமும் ஏறி இறங்கும். ஒரு பெட்டியில் தற்செயலாக ஒரு கணம் ஏறினால், "குரல்தான் போல" என்று அதை விட்டுவிடும். அடுத்த கணம் மூடிவிடும். இப்படி அங்கொன்று இங்கொன்றாகத் தப்பி வருகிற துணுக்குகள் ஒவ்வொன்றும் குட்டிச் சுரமாகக் கேட்கும். நூறு குட்டிச் சுரம் சேர்ந்தால் குமிழி வருகிற சத்தம். ஆராய்ச்சிக்காரர் இதற்கு வைத்த பெயர் 'மியூசிக்கல் நொய்ஸ்'. கேட்க மியூசிக் மாதிரி ஒன்றும் இல்லை!

இது புதுப் பிரச்சினை இல்லை. இந்தக் கழிக்கிற முறையை ஸ்டீவன் போல் 1979இல் எழுதினார். அதே வருடம் பெரூட்டி, ஷ்வார்ட்ஸ், மக்கூல் மூவரும் அதற்கு ஒரு வைத்தியமும் சொன்னார்கள்: இரைச்சலை முழுக்கக் கழிக்காதே, அடியில் கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டு வை. அந்த மிச்ச இரைச்சல் குட்டிச் சுரங்களை மூடி மறைத்துவிடும். இன்றைக்கும் நீங்கள் ஸ்லைடரில் 24 டெசிபெல் போடாமல் 8 போடுவதன் அர்த்தம் அதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஊசி, பிறகு தூசி.

வேலை தொடங்க முதல் அவவிடம் ஒன்று கேட்டேன், ஒரிஜினல் வேவ் ஃபைல் இருக்கிறதா என்று. முதலில் அனுப்பினது ஏற்கெனவே நொய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு எம்பி3 ஆக்கினது. அதில் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நல்ல காலம், ஒரிஜினல் லாப்டாப்பில் இருந்தது.

அடுத்தது காதை நம்புவதற்கு முன்னால் கண்ணால் பார்ப்பது. யாரும் கதைக்காத ஒரு இடத்தைத் தேடுங்கள், மூன்று செக்கன் காணும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பெரியவர்கள் யோசிக்கிற நேரம் இருக்கே, அதைவிட நல்ல இடம் கிடையாது. அதை மட்டும் செலக்ட் பண்ணி `Plot Spectrum` திறந்து, `Size` இல் 65536 வையுங்கள். சின்ன எண் வைத்தால் படம் மொத்தையாகத் தெரியும், 50ஆ 60ஆ என்றே சொல்ல முடியாது. 65536 வைத்தால் ஒரு ஹேர்ட்ஸுக்கும் குறைவான வித்தியாசம் தெரியும்.

இந்த ஃபைலில் 50, 100, 150, 250 என்று நாலு ஊசி தெளிவாக நின்றது. 200இல் ஒன்றும் பெரிதாக இல்லை. 300க்கு மேலே ஃபேனின் தூசிக்குள் எல்லாம் மறைந்துவிட்டது. ஒரு சுவாரசியமான விசயம்: 23ஆவது நிமிடத்தில் ஃபிரிட்ஜ் நின்றது. அதற்குப் பிறகு எடுத்த படத்தில் 100 மட்டும் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. 50உம் 150உம் அசையவே இல்லை. அதாவது 100இல் பெரும்பங்கு ஃபிரிட்ஜ் மோட்டாரின் அதிர்வு, காற்று வழியாக மைக்குக்கு வந்தது. மற்றது வயர் வழியாக வந்தது. அப்படியென்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட விட்டிருந்தால் 50உம் 150உம் பெரும்பாலும் வந்தே இருக்காது. அடுத்த முறை ரெக்கோர்ட் பண்ணும்போது ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு சார்ஜரை ஒருக்கா இழுத்துப் பாருங்கள், பத்து செக்கன் வேலை.

இப்போது ஊசி பிடுங்குவது. இதற்கான கருவி நோட்ச் ஃபில்டர். ஒரு அதிர்வெண்ணில் மட்டும் குறுகின பள்ளம் வெட்டும். எவ்வளவு குறுகல் என்பதை `Q` என்ற எண் தீர்மானிக்கும். அதிர்வெண்ணை `Q` ஆல் வகுத்தால் பள்ளத்தின் அகலம். 100 ஹேர்ட்ஸில் `Q` 5 என்றால் அகலம் 20, அதாவது 90இல் இருந்து 110 வரை. அம்மப்பாவின் குரல் குடியிருக்கிற இடத்தில் குழி. `Q` 30 என்றால் அகலம் 3 சொச்சம்தான். மனிதக் குரல் ஒரு இடத்தில் நிற்காது, கதைக்கும்போது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று ஹேர்ட்ஸ் பள்ளத்தை அது ஒரு கணத்தில் தாண்டிவிடும், காதுக்குத் தெரியாது. ஹம் பாவம், அது ஒரே இடத்தில் நிற்கிறது. மாட்டிக்கொள்ளும்.

அப்படியென்றால் `Q` 200 போடலாமே என்று கேட்பீர்கள். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். ஒன்று, கரண்டின் 50 என்பது சரியாக 50 இல்லை. நாட்டின் மின் பாவனை கூடக் குறைய அது மெல்ல ஆடும், பிரித்தானியாவில் வழமையாக 49.8இல் இருந்து 50.2க்குள். (லண்டன் பொலிசார் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பதிவு செய்து வைத்து, ஒரு ரெக்கோர்டிங் எப்போது எடுக்கப்பட்டது என்று அதிலுள்ள ஹம்மை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஹம்முக்கும் ஒரு பிரயோசனம்!) அடிச்சுரம் 0.2 ஆடினால் ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது 250, ஒரு முழு ஹேர்ட்ஸ் ஆடும். பள்ளம் மிகக் குறுகலாக இருந்தால் ஹம் அதற்கு வெளியே நழுவிவிடும். `Q` ஐ எல்லா இடத்திலும் 30 என்றே வைத்தால் மேலே போகப் போகப் பள்ளமும் தானாகவே அகலும், ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும். மற்றக் காரணம், மிகக் குறுகின ஃபில்டர் மணி மாதிரி. ஒரு சொல் பட்டென்று நின்றால் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் "ம்ம்" என்று ரீங்காரம் போடும். 50இல் `Q` 30 வரைக்கும் அது பெரிதாகக் கேட்காது.

ஓடாசிட்டியில் `Notch Filter` ஐ நாலு தடவை போடலாம். கமாண்ட் லைன் பழக்கமானவர்களுக்கு ஒரே வரி:

```
ffmpeg -i ammappa.wav -af "highpass=f=70,bandreject=f=50:t=q:w=30,bandreject=f=100:t=q:w=30,bandreject=f=150:t=q:w=30,bandreject=f=250:t=q:w=30" -c:a pcm_s24le step1.wav
```

முன்னால் இருக்கிற `highpass=f=70` மேசையில் கை படுகிற சத்தம், ரோட்டில் போகிற பஸ் மாதிரி அடியில் உருளுகிற சமாச்சாரங்களுக்கு. இதை 150, 200 என்று ஏற்றினால் ஹம் வேகமாகப் போய்விடும், யூடியூபில் அப்படிச் சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். குரலின் அடியும் அதோடு போய்விடும். ஆண் குரலுக்கு 70, 80க்கு மேல் போகாதீர்கள்.

படத்தில் தெரிகிற ஊசிக்கு மட்டும் நோட்ச் போடுங்கள். 200இல் ஊசி இல்லையா, அங்கே பள்ளம் வேண்டாம். சில ரெக்கோர்டிங்கில், முக்கியமாக டிம்மர் போட்ட லைட் பக்கத்தில் இருந்தால், 2000 ஹேர்ட்ஸ் வரைக்கும் சீப்புப் பல் மாதிரி ஊசி வரிசையாக நிற்கும், கேட்க "ஸ்ஸ்ர்ர்" என்று இருக்கும். அங்கே நாற்பது நோட்ச் போட்டால் குரலே குழாய்க்குள் போன மாதிரி ஆகிவிடும். பெரிய ஐந்தாறை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சகிப்பதுதான் என் வழக்கம்.

இந்தப் படி முடிந்ததும் ஃபைலைக் கேட்டால் 'ம்ம்ம்' இல்லை. ஃபேன் அப்படியே இருக்கிறது. குரல் ஒரிஜினலில் இருந்த அதே கனத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கேயே நின்று `Q` ஐச் சரி பாருங்கள்.

இனி தூசி. முதலில் லெவல். அம்மப்பா மைக்கில் இருந்து தள்ளி இருந்தபடியால் குரல் சின்னதாக இருந்தது. பொட்காஸ்டுக்கு வழமையான −16 லஃப்ஸுக்குக் கொண்டுவர 11 டெசிபெல் ஏற்ற வேண்டியிருந்தது. குரலை 11 ஏற்றினால் ஃபேனும் 11 ஏறும். ஆகவே ஏற்றிவிட்டுத்தான் "இரைச்சல் எவ்வளவு பெரிசு?" என்று தீர்மானிக்க வேண்டும். சின்ன சத்தத்தில் கேட்டுவிட்டு "பரவாயில்லை" என்று சொன்னால் கடைசியில் ஆச்சரியம் காத்திருக்கும்.

பிறகு மறுபடியும் அந்த மூன்று செக்கன் மௌனத்தை செலக்ட் பண்ணி `Get Noise Profile`. கவனியுங்கள், ஹம் எடுத்த பிறகு எடுக்கிற ப்ரொஃபைல்தான் இது. பழைய ப்ரொஃபைலில் ஹம் ஊசிகளும் இருக்கும். அதைப் பாவித்தால், நோட்ச் போட்டும் அந்த 70, 80 ஹேர்ட்ஸ் அகலத்தை எஃபெக்ட் திரும்பவும் அமுக்கும். நாங்கள் பட்ட பாடு வீண்.

`Noise reduction (dB)` இல் 8, `Sensitivity` 4, `Frequency smoothing` 4. கடைசியாகச் சொன்னது பக்கத்துப் பெட்டிகளைச் சேர்த்து யோசிக்க வைக்கும், அதனால் குட்டிச் சுரங்கள் குறையும். மிகவும் ஏற்றினால் சொற்கள் மங்கும். இந்த எண்களை வேதவாக்காக எடுக்காதீர்கள், தொடங்குகிற இடம் இது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. அதே விண்டோவில் `Residue` என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டு ப்ரிவியூ கேட்டால் எஃபெக்ட் எதை எடுத்து எறியப் போகிறது என்று மட்டும் கேட்கும். குப்பைக் கூடைக்குள் பார்க்கிற மாதிரி. அங்கே வெறும் "ஷ்ஷ்ஷ்" மட்டும் கேட்டால் நல்லது. யாரோ அடுத்த அறையில் கிசுகிசுக்கிற மாதிரிச் சொற்கள் கேட்டால் நீங்கள் குரலை எறிகிறீர்கள்.

8இல் கூடையில் ஃபேன் மட்டும்தான். ஒரு பரிசோதனைக்கு 20 போட்டு, `Sensitivity` யையும் ஏற்றிப் பார்த்தேன். கூடைக்குள் "ச", "ஸ", "ஃப" எல்லாம் கேட்டது. அவை இயல்பிலேயே காற்றுச் சத்தம், ஃபேனுக்கும் அவற்றுக்கும் எஃபெக்டுக்கு வித்தியாசம் தெரியாது. அதைவிட மோசம், சொல்லின் கடைசி. தமிழில் ஆள் யார், ஆணா பெண்ணா, ஒருவரா பலரா எல்லாம் சொல்லின் வாலில்தான் இருக்கிறது, அந்த வாலைத்தான் நாங்கள் மெதுவாகச் சொல்வோம். "கடைக்கு வந்தவள்" என்று அவர் சொன்ன இடத்தில் "ள்" கூடைக்குள் போய்விட்டது. வந்தது அவனா அவளா என்று இனி யாருக்கும் தெரியாது. "கேட்டு", "எடுத்து" மாதிரிச் சொற்களின் கடைசி உகரம் எப்படியும் அரைகுறையாகத்தான் வாயில் இருந்து வரும், அது முழுக்கப் போய்விட்டது. தமிழ்ப் பேட்டியைச் சோதிக்கும்போது சொல்லின் தலையைக் கேட்காதீர்கள், வாலைக் கேளுங்கள்.

8 போதவில்லை என்று பட்டால் 16 ஆக ஏற்றாமல், 5 வைத்து இரண்டு தடவை போடுங்கள், ஒவ்வொரு தடவையும் புது ப்ரொஃபைல் எடுத்து. ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத் தட்டினால் குமிழி வருவது குறைவு. இதில் 8ஓடு நிறுத்திவிட்டேன். ஃபேன் இன்னும் கேட்கிறது, ஆனால் ஒரு குசினியில் இருவர் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கிறது. சொற்களுக்கு நடுவில் பூரண மௌனமாக்கினால் அவர் வாய் திறக்கும்போதெல்லாம் ஃபேனும் கூடவே வந்து போகும், அது தொடர்ந்து இருக்கிற இரைச்சலைவிடக் கரைச்சல்.

23ஆவது நிமிடத்தில் ஃபிரிட்ஜ் நின்றது என்றேன் அல்லவா. அங்கே ஃபைலை இரண்டாக வெட்டி இரண்டு பாதிக்கும் தனித்தனி ப்ரொஃபைல் எடுத்தேன். ஃபிரிட்ஜோடு எடுத்த ப்ரொஃபைலை ஃபிரிட்ஜ் இல்லாத பாதிக்குப் போட்டால் இல்லாத ஒன்றை எடுக்கப் போய்க் குரலைச் சுரண்டும். வெட்டின இடத்தில் கால் செக்கன் க்ரொஸ்ஃபேட் போட்டால் ஒட்டு தெரியாது.

கேட்டுப் பார்க்கும்போது ஹெட்ஃபோன், ஃபோன் ஸ்பீக்கர் இரண்டிலும் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கருக்கு 50 ஹேர்ட்ஸ் வாசிக்கவே தெரியாது, அதில் ஹம் போன மாதிரி இருக்கும், 250 மட்டும்தான் லேசாகக் கேட்கும். குமிழிச் சத்தம் அதற்கு எதிர்மாறு, ஹெட்ஃபோனைவிட ஃபோனில் சில நேரம் துலக்கமாகத் தெரியும்.

இந்த வழியால் எடுக்க முடியாதவையும் அந்த ஃபைலில் இருந்தன. டைல்ஸ் சுவரில் பட்டு வருகிற எதிரொலி அப்படியே இருக்கிறது. அது அவருடைய குரலேதான், கொஞ்சம் பிந்தி வருகிறது, அதற்கு ப்ரொஃபைல் எடுக்க முடியாது. 31ஆவது நிமிடத்தில் கெட்டில் கொதிக்கத் தொடங்குகிறது. அந்த இரைச்சல் ஒவ்வொரு செக்கனும் மாறுவதால் அதற்கும் இது சரிவராது. அந்த நாற்பது செக்கனுக்கு ஃபேனின் ப்ரொஃபைலையே போட்டுவிட்டு மிச்சத்தைத் தொடவில்லை. தங்கச்சியிடம் சொன்னபோது, "பரவாயில்லை அண்ணா, அது அம்மம்மா தேத்தண்ணி போட்டவா" என்றா.

கேள்விகள் இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். ஃபைல் அனுப்புவதாக இருந்தால் தயவுசெய்து ஒரிஜினல் வேவ், வாட்ஸப்பில் அனுப்பினது வேண்டாம்.